புதிய பள்ளி முதல்வருக்குக் காலைக் கூட்டத்தில் வரவேற்புரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலைக் கூட்டத்துக்கு மாணவர்களைத் தயார்செய்யும் வேலை பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. புதிய முதல்வர் பொறுப்பேற்கும் சமயத்தில், பேசப்போகிற பிள்ளைகளும் எழுதித் தரப்போகிற ஆசிரியர்களும் ஏறக்குறைய இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, நான் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

எவ்வளவு நேரம் பேசணும்? அஞ்சு நிமிஷம் போதுமா?

அஞ்சு நிமிஷம் அதிகம். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், முதல்வரும் நின்றுகொண்டிருக்கிறார் என்பது. இன்னும் அறிமுகமாகாத நூற்றுக்கணக்கான கண்கள் பார்க்க, தன்னைப் பற்றிய பேச்சை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு நிற்பது யாருக்கும் எளிதல்ல. இரண்டாவது நிமிடம் தாண்டியதும் அவர் பார்வை தானாகத் தரைக்கு இறங்குவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். உங்களுக்குப் பிறகு அவர் ஏற்புரை வேறு சொல்ல வேண்டும்.

கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், திறந்த வெளியில் மைக்கில் நிதானமாகப் பேசும் ஒரு மாணவர் நிமிடத்துக்குச் சுமார் 80 சொற்கள் பேசுகிறார். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது 100-க்கு மேல் ஓடும். ஆனால் மைதானத்தில் குரல் எதிரொலித்துத் திரும்பி வருவதால் வேகம் குறைந்துவிடும். அதனால் 200 சொற்களுக்குப் பக்கமாக எழுதினால் சரியாக இருக்கும்.

முதலில் யாரை விளிக்கணும்? வரிசை தப்பினால் மரியாதைக் குறைவாகிவிடுமே?

தாளாளரோ நிர்வாகத்தினரோ வந்திருந்தால் அவர்களை முதலில் விளித்து, அடுத்து முதல்வரை விளியுங்கள். அவர்கள் வராவிட்டால் முதல்வர்தான் முதலில். பிறகு துணை முதல்வர், ஆசிரியர்கள், அலுவலர்கள், பணியாளர்கள், கடைசியில் மாணவர்கள். 'பணியாளர்களே' என்ற ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள். வாசற்காவலரும் தோட்டக்காரரும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் அவர் புதிய முதல்வர்தானே.

பேசுகிறவர் மாணவராக இருந்தால் 'மாணவச் செல்வங்களே' என்று சொல்லக் கூடாது. அது பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் சொல். 'நண்பர்களே' போதும். 'மாண்புமிகு' வேண்டாம், அது அமைச்சர்களுக்கும் நீதியரசர்களுக்கும் வழங்கும் அடைமொழி. 'மதிப்பிற்குரிய' என்பதே நிறைவாக இருக்கும். முதல் தடவை சொல்லும்போது 'பள்ளி முதல்வர்' என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். பெண்ணாக இருந்தாலும் முதல்வர்தான், 'முதல்வி' என்று ஆக்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் அந்தப் பதவிக்குத் தலைமையாசிரியர் என்றுதான் பெயர் என்றால் அதையே சொல்லுங்கள்.

அவரைப் பற்றி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. என்ன பேசறது?

பெரும்பாலான உரைகள் வெறும் அடைமொழிகளால் நிரம்புவது இதனால்தான். ஒன்றும் தெரியாதபோது 'கல்விக் கடலே, அறிவுச் சுடரே' என்று எழுதத் தோன்றுகிறது. அந்தச் சொற்களை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது நிற்கும் எல்லோருக்கும் தெரியும், முதல்வருக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின நாளே அலுவலகத்தில் கேளுங்கள். முடிந்தால் ஆசிரியர் வழியாக முதல்வரிடமே கேட்டுவிடலாம், அதில் தவறே இல்லை. மூன்று விவரம் போதும்: பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், எந்தப் பாடம் கற்பித்தவர், எத்தனை ஆண்டு. இவற்றில் பாடம்தான் முக்கியம். 'கணிதம் கற்பித்தவர்' என்று மைக்கில் கேட்டதுமே பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லில் அவர் பதவியிலிருந்து இறங்கி ஓர் ஆசிரியராகிவிடுகிறார். பட்டங்களை மட்டும் வரிசையாக வாசிக்காதீர்கள். முனைவர் பட்டம் பெற்றவர் என்றால் பெயருக்கு முன் 'முனைவர்' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

மீதி இடத்தை உங்களைப் பற்றிய பேச்சால் நிரப்புங்கள். அவர் இன்னும் அறியாதது பள்ளியைத்தான். நூறு சதவீதத் தேர்ச்சி, கோப்பைகள் எல்லாம் அவர் கோப்பிலேயே இருக்கும். கோப்பில் இல்லாத ஒரு சின்னப் பழக்கத்தைச் சொல்லுங்கள். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்களே ஒட்டுகிறார்கள் என்பது போல. அவர் நிமிர்ந்து பார்ப்பது அந்த வரிக்குத்தான்.

சிறப்பு விருந்தினருக்குப் போன வருஷம் எழுதின உரையே இருக்கு. பெயரை மட்டும் மாத்திப் படிக்கலாமா?

வேண்டாம். விருந்தினர் வந்து போகிறவர், முதல்வர் இருக்க வந்தவர். 'தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி எங்கள் அழைப்பை ஏற்று வந்தமைக்கு நன்றி' என்ற வரி விருந்தினருக்குப் பொருத்தம். நாளையிலிருந்து தினமும் வாசலில் நிற்கப்போகிறவரிடம் அதைச் சொன்னால் அவரை வெளியாளாக நிறுத்தியதாகிவிடும். 'வந்தாரை வாழவைக்கும்', 'விருந்தோம்பல்' போன்ற சொற்களும் அப்படியே. சால்வை, பூங்கொத்து உண்டு என்றால் நடக்கட்டும். உரையின் நடை மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒருவரிடம் பேசுவது போல இருக்கட்டும்.

'எங்கள் பள்ளி'ன்னு சொல்லணுமா, 'நம் பள்ளி'ன்னு சொல்லணுமா?

இந்த உரையில் நான் மிகவும் கவனிப்பது இந்தச் சொல்லைத்தான். தமிழில் 'எங்கள்' என்றால் கேட்பவர் அதில் இல்லை. 'நம்' என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். முதல்வரைப் பார்த்து 'எங்கள் பள்ளிக்கு வருக' என்று முடித்தால், கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்கவைத்தது போலாகும். தொடக்கத்திலிருந்தே 'நம் பள்ளி' என்றாலோ, நேற்று வரை அவருக்குத் தெரியாத விஷயங்களையெல்லாம் 'நம்' என்று சொல்வது கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும்.

அதனால் இரண்டையும் இடம் பார்த்துப் பயன்படுத்தச் சொல்கிறேன். அவர் வருவதற்கு முந்தைய கதையைச் சொல்லும் வரை 'எங்கள்'. வரவேற்கும் வரி வந்ததும் 'நம்'. அந்த மாற்றம் ஒரே இடத்தில், தெளிவாக நடக்கட்டும். 'இனி இது நம் பள்ளி' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள். நான் தயார்செய்த ஒரு எட்டாம் வகுப்பு மாணவி அந்த வரியில் காகிதத்தை இறக்கிவிட்டு முதல்வரைப் பார்த்துச் சொன்னாள். யாரும் சொல்லாமலே முன்வரிசையில் கைதட்டல் தொடங்கியது. அலங்காரமே இல்லாத வரி அது.

'தாங்கள்' என்று பேசும்போது வினைமுற்று குழம்பிப் போகுது. எது சரி?

'தாங்கள்' என்று தொடங்கினால் 'வந்திருக்கிறீர்கள்' என்று முடிய வேண்டும். 'முதல்வர் அவர்கள்' என்று தொடங்கினால் 'வந்திருக்கிறார்கள்'. மேடையில் அதிகம் கேட்கும் பிழை 'தாங்கள் … வந்திருக்கிறார்கள்' என்பது. வாக்கியம் நீளும்போதுதான் இது நடக்கிறது. முடிவுக்கு வருவதற்குள் யாரைப் பார்த்துப் பேசத் தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். வாக்கியத்தைச் சிறிதாக்கினால் பிழையும் போய்விடும்.

இதில் ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து முதல்வரைப் பற்றிப் பேசப்போகிறீர்களா, முதல்வரிடமே பேசப்போகிறீர்களா? அறிமுகவுரைக்கு முதலாவது சரி. வரவேற்புக்கு இரண்டாவதுதான் பொருந்தும். விளிப்பு முடிந்ததும் 'அம்மா' அல்லது 'ஐயா' என்று அழைத்து, கடைசி வரை அவரிடமே பேசுங்கள். 'அம்மா' என்ற ஒரு சொல்லிலேயே அன்பும் மரியாதையும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

போன முதல்வரைப் பற்றிச் சொல்லலாமா? புதியவருக்குச் சங்கடமா இருக்காதா?

சொல்லலாம், ஒரே ஒரு இடத்தில், இரண்டு மூன்று வரிகளில். சொல்லாமல் விட்டால்தான் சங்கடம். நேற்று வரை இருந்தவரை ஒரே இரவில் மறந்துவிடும் பள்ளி, நாளை தன்னையும் அப்படித்தான் மறக்கும் என்று புதியவருக்குத் தோன்றாதா?

ஒப்பிடுவதுதான் கூடாது. 'அவரைப் போலவே தாங்களும்' என்றால் புதியவர் தோளில் சுமை ஏற்றுகிறீர்கள். 'இனிமேல் நல்ல காலம்' என்ற தொனி வந்தால் போனவரைக் குறை சொன்னதாகிறது. முந்தையவர் தந்து சென்ற ஒரு பொருளையோ பழக்கத்தையோ சொல்லி, அதோடு உங்கள் முன் நிற்கிறோம் என்று முடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள மாதிரியில் மரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

ஒரு குறள் சேர்த்தா நல்லா இருக்குமே, எது பொருத்தம்?

பிள்ளைகள் கொண்டுவரும் குறள்களில் இரண்டு இந்த இடத்துக்கு ஒத்துவராது. 'மோப்பக் குழையும் அனிச்சம்' விருந்தோம்பல் அதிகாரத்தில் வருவது. முதல்வர் விருந்தினர் இல்லை என்று முன்பே சொன்னேன். இன்னொன்று 'காட்சிக் கெளியன் கடுஞ்சொல்லன் அல்லனேல்' என்று தொடங்கும் 386-ஆம் குறள். காண எளியவனாகவும் கடுஞ்சொல் பேசாதவனாகவும் இருக்கும் மன்னனை உலகம் புகழும் என்பது பொருள். அருமையான குறள்தான். ஆனால் முதல் நாளில் ஒரு மாணவர் இதைச் சொன்னால், 'கடுமையாகப் பேசாதீர்கள்' என்று முதல்வருக்கே புத்தி சொன்னது போலக் கேட்கும்.

நான் தருவது கல்வி அதிகாரத்தில் வரும் 394-ஆம் குறள்: 'உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்.' மகிழும்படி வந்து கூடுவதும், மீண்டும் எப்போது சேர்வோம் என்று நினைக்கும்படி பிரிவதும் கற்றவர் செயல் என்பது இதன் பொருள். போனவருக்கும் வந்தவருக்கும் ஒரே குறளில் இடம் இருக்கிறது. பொருளை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள், பொழிப்புரை வேண்டாம். ஒரு உரைக்கு ஒரு குறள் போதும்.

முழுசா ஒரு மாதிரி கிடைக்குமா?

ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் கணித ஆசிரியராக இருந்தவர் என்பது முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டது.

"மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் திருமதி … அவர்களே, துணை முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அலுவலர்களே, பணியாளர்களே, நண்பர்களே, அனைவருக்கும் காலை வணக்கம்.

அம்மா, இன்று காலை மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் வகுப்பறைகள் நிறைந்துவிட்டன. எல்லா வகுப்பிலும் ஒரே பேச்சுதான்: புதிய முதல்வர் வந்துவிட்டாரா?

தாங்கள் 18 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர் என்று அறிந்தோம். பொறுப்புகள் கூடிய பிறகும் வாரம் ஒரு வகுப்பைத் தாங்களே எடுத்தீர்கள் என்றும் கேள்விப்பட்டோம். கரும்பலகையை விட்டுப் பிரிய மனமில்லாத தங்களை முதல்வராகப் பெற்றதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறோம். மைதானத்தின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வகுப்பு பொறுப்பு. விடுமுறையிலும் தண்ணீர் ஊற்ற யாராவது ஒருவர் வந்துவிடுவார். அந்தப் பழக்கத்தை எங்களுக்குத் தந்தவர் முந்தைய முதல்வர். அவர் வளர்த்துத் தந்த மரங்களோடு தங்கள் முன் நிற்கிறோம்.

'உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்' என்கிறது குறள். நாங்கள் நினைத்துக்கொண்டே இருக்கும்படி அவர் பிரிந்தார். நாங்கள் மகிழும்படி தாங்கள் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

அம்மா, இனி இது நம் பள்ளி. நம் வகுப்பறைகளுக்கும், நம் மைதானத்துக்கும், நம் மரங்களின் நிழலுக்கும் தங்களை எல்லா மாணவர்களின் சார்பிலும் அன்போடு வரவேற்கிறேன். வருக!

நன்றி, வணக்கம்."

நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். மரங்கள் இருக்கும் இடத்தில் உங்கள் பள்ளியின் பழக்கத்தை வையுங்கள். உண்மையில் நடப்பதாக இருக்க வேண்டும். முதல்வர் சாயங்காலமே போய்ப் பார்க்கக்கூடும்.

'தங்கள் தலைமையில் பள்ளி மாநிலத்திலேயே முதலிடம் பெறும்' என்று ஒரு வரி சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். வாழ்த்துபோலத் தெரிந்தாலும் அது முதல் நாளே வைக்கும் கோரிக்கை. 'மைதானத்துக்குக் கூரை வரும் என்று நம்புகிறோம்' என்பதும் அதே வகைதான். கேட்க வேண்டியதை அவர் அறையில், வேறொரு நாளில் கேட்கலாம். எதிர்காலத்தைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்றால், நீங்கள் செய்யப்போவதைச் சொல்லுங்கள். 'தாங்கள் எடுக்கப்போகும் முதல் கணித வகுப்புக்குக் காத்திருக்கிறோம்' என்பது போல.

பேசும்போது முதல்வரைப் பார்க்கணுமா, கூட்டத்தைப் பார்க்கணுமா?

'அம்மா' என்று அழைக்கும் இடங்களிலும் கடைசி வரவேற்பு வரியிலும் முதல்வரைப் பாருங்கள். பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது கூட்டத்தைப் பாருங்கள். சிக்கல் மைக்கால் வரும். தலையை மட்டும் திருப்பினால் வாய் மைக்கை விட்டு விலகி, மிக முக்கியமான வரி காற்றில் போய்விடும். முந்தின நாள் மாலையே மைக் ஸ்டாண்டைக் கொஞ்சம் சாய்வாக வைத்து, முதல்வர் நிற்கும் இடமும் கூட்டமும் ஒரே பார்வையில் படுகிற மாதிரி நின்று பாருங்கள். வாய் மைக்குக்கு நேராகவே இருக்க, கண் மட்டும் போய் வந்தால் போதும்.

உரையை மெல்லிய தாளில் எழுதினால் காற்றில் படபடக்கும், அந்தச் சத்தமும் மைக்கில் விழும். அட்டையில், ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்தாலும் அட்டை கையில் இருக்கட்டும்.

புதிய முதல்வர் வேற யாரும் இல்லை, இதே பள்ளியில் துணை முதல்வரா இருந்தவர்தான். அவரைப் போய் 'வருக'ன்னு சொல்றதா?

அவரிடம் 'வருக' என்பது பொருந்தாது. 'எங்கள்' என்பதிலிருந்து 'நம்' என்பதற்கு மாறும் வேலையும் இங்கே இல்லை, அவர் ஏற்கெனவே 'நம்' என்பதற்குள் இருப்பவர். தொடக்கத்திலிருந்தே 'நம்' என்று பேசுங்கள். அவரைப் பற்றித் தெரியாது என்ற குறையும் இல்லை. எல்லோரும் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்: மழை நாளில் கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை வாசலில் நின்றவர் என்பது போல. 'வருக' என்ற இடத்தில் 'முதல்வராக இன்று முதல் முறையாக எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று முடிக்கலாம். 'எங்கள் வணக்கம்' இங்கே சரிதான், வணங்குகிறவர்களில் அவர் இல்லை.

முந்தைய முதல்வர் பிரச்சினையில் போனார், எல்லாருக்கும் தெரியும். அப்போ என்ன செய்றது?

அவரைப் பற்றிய வரிகளை ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள்: 'இதுவரை எங்களை வழிநடத்திய முதல்வரை நன்றியோடு நினைக்கிறோம்.' காரணத்தைத் தொடவே வேண்டாம். அந்தக் குறளையும் விட்டுவிடுங்கள், 'பிரிதல்' என்ற சொல்லுக்கே கூட்டத்தில் முணுமுணுப்பு வரும்.

முந்தையவர் பணியில் இருக்கும்போதே காலமாகியிருந்தால் நிலைமை வேறு. அஞ்சலி தனியாக, மௌனத்தோடு, வரவேற்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முடிந்தால் வேறொரு நாளில். அன்றைய வரவேற்பு சிறியதாக, கைதட்டல் இல்லாமல் நடக்கட்டும். புதிய முதல்வருக்கும் அதுதான் ஆறுதலாக இருக்கும்.

மேடையிலேயே பெயரைத் தப்பாச் சொல்லிட்டா?

நிறுத்தி, 'மன்னிக்கவும்' என்று ஒருமுறை சொல்லி, சரியான பெயரை மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். சிரிக்கவோ விளக்கம் சொல்லவோ வேண்டாம். நான் தயார்செய்த ஒரு மாணவர் முதலெழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டு, கவனிக்காதது போலக் கடந்துபோனார். அதே தவறான பெயர் அடுத்தடுத்துப் பேசியவர்கள் வாயிலும் வந்தது. கடைசியில் முதல்வரே தன் ஏற்புரையில் தன் பெயரைத் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது, உச்சரிப்பைக் கேட்டு வாங்காமல் அனுப்பியவன் நான்தான். அதற்குப் பிறகு, பெயரை அட்டையின் முதல் வரியில் பெரிய எழுத்தில், அசை பிரித்து எழுதச் சொல்கிறேன். மேடையேறும் முன் அந்த வரியை மட்டும் என்னிடம் மூன்று தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகள் போகிறார்கள்.